பூனை லிட்டர் பாக்ஸுக்கு வெளியே சிறுநீரோ மலமோ கழிக்கிறதா? காரணத்தைத் தேட வேண்டிய வரிசை

தெருவில் கிடக்கும் குட்டிகளை எடுத்து வளர்த்து வீடு தேடிக் கொடுப்பவர்களுக்கு அடிக்கடி வரும் போன் இதுதான்: “இத்தனை வருஷம் ஒழுங்கா பாக்ஸ்லதான் போச்சு. இப்ப மெத்தையில போயிடுது. என்ன செய்யறதுன்னே தெரியல.” பேசத் தொடங்கும்போதே மெத்தையைத் துவைத்திருப்பார்கள், பாக்ஸில் நிரப்பும் லிட்டரை மாற்றியிருப்பார்கள், பாக்ஸை இடம் மாற்றியிருப்பார்கள், பூனையையும் திட்டியிருப்பார்கள். காரணத்தைக் காட்டக்கூடிய தடயம் எல்லாம் அதற்குள் போயிருக்கும்.

அதனால் இதில் வரிசை முக்கியம். முதலில் உயிருக்கு ஆபத்தா என்று பார்க்க வேண்டும். அடுத்து தடயம், பிறகு டாக்டர், அதற்குப் பின்தான் பாக்ஸும் வீடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

## 1. சிறுநீர் உண்மையிலேயே வெளியே வருகிறதா?

எதையும் துடைக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பூனை பாக்ஸுக்குள்ளோ வெளியிலோ திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை, அல்லது ஓரிரு சொட்டுதான் வருகிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். அடிவயிற்றை ஓயாமல் நக்குவது, கத்துவது, வாந்தி, சாப்பிடாமல் மூலையில் ஒடுங்குவது ஆகியவையும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

கடுவன் பூனைக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம். அதன் சிறுநீர்க் குழாய் நீளமானது, நுனியில் மிகக் குறுகியது. சளி போன்ற கழிவும் நுண்படிகங்களும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். சிறுநீர் முழுதாக அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் பாதிக்கும். ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தாதீர்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பூனைக்கு மலச்சிக்கல் என்று நினைத்துக்கொள்வது. முக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்து ஒரு நாளைக் கடத்திவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் சிறுநீர் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வயிற்றைத் தொட்டாலே நிரம்பிக் கெட்டியான சிறுநீர்ப்பை கையில் தட்டுப்படும்.

இன்னொன்று: வலி போகட்டும் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

## 2. துடைப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சிறுநீர் வருகிறது, பூனை சாப்பிடுகிறது, நடமாடுகிறது என்றால் தடயம் சேகரிக்க நேரம் இருக்கிறது. போன் கேமரா, ஒரு நோட்டு, ஆன்லைனில் கிடைக்கும் யூவி டார்ச், ஊசி இல்லாத சிரிஞ்ச், மூடியுள்ள சுத்தமான சின்ன டப்பா ஆகியவை வேண்டும்.

கறை கண்ணில் படும் ஒவ்வொரு முறையும் துடைக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள். தேதி, நேரம், இடம், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதையெல்லாம் நோட்டில் குறியுங்கள். “யாரும் வரவில்லை” என்பதும் குறிக்க வேண்டிய விஷயம்தான். இந்த நோட்டுதான் பின்னால் டாக்டருக்குக் காட்டும் முதல் ரிப்போர்ட்.

யூவி டார்ச் இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தேடுவதற்கு. காய்ந்த சிறுநீர் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். ஒரு எச்சரிக்கை: சலவைத்தூள் பட்ட துணியும் நீலமாக மின்னும். அதனால் துணியில் தெரியும் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், மோந்து பார்த்து உறுதி செய்யுங்கள். சுவர், கதவின் கீழ்ப்பகுதி, சோபாவின் பின்பக்கம் மூன்றையும் கட்டாயம் பாருங்கள். தரையை மட்டும் தேடுபவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுகிறார்கள்.

## 3. தடயத்தைப் படிப்பது

இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம். ஒரே “வெளியே போகிறது” என்ற புகாருக்குள் வெவ்வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கும். கறையின் இடமும் அளவும் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

சுவரிலா, தரையிலா? சுவரில் அரை அடி உயரத்தில் பட்டு ஒழுகியிருந்தால் அது பீய்ச்சல். பூனை நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, கொஞ்சமாகப் பீய்ச்சும். இது கழிப்பு அல்ல, எல்லை குறிப்பது. அப்படிச் செய்யும் பூனை பாக்ஸையும் வழக்கம்போல் பயன்படுத்திக்கொண்டிருக்கும். கருத்தடை ஆபரேஷன் ஆகாத கடுவன் என்றால் அதுதான் முதல் மருந்து. பத்தில் ஒன்பது கடுவன்கள் அதன் பிறகு பீய்ச்சுவதை நிறுத்தும் அல்லது வெகுவாகக் குறைக்கும். ஆபரேஷன் முடிந்தும் பீய்ச்சினால் ஜன்னலுக்கு வெளியே எந்தப் பூனை வருகிறது என்று பாருங்கள். பால்கனிக் கதவு, தெருவைப் பார்த்த ஜன்னல், வாசற்படி ஆகிய இடங்களிலேயே கறை இருந்தால் வெளியாள்தான் காரணம்.

தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தால் பூனை உட்கார்ந்து போயிருக்கிறது. இதற்குத்தான் மேலும் தேட வேண்டும்.

பெரிய குட்டையா, சின்னச் சின்னதா? கட்டியாகும் லிட்டர் போடுகிறீர்கள் என்றால் பாக்ஸிலும் இதைப் பார்க்கலாம். நல்ல உடல்நிலையில் உள்ள பூனை ஒரு நாளில் இரண்டிலிருந்து நான்கு முறை போகும், கட்டிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். காசு அளவில் பல கட்டிகள் இருந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சலோ வலியோ இருக்கலாம். கட்டிகள் திடீரென்று பெரிதாகி, பூனை அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, வயதான பூனைகளில் தைராய்டு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பாக்ஸ் சீக்கிரம் ஈரமாகிவிடுவதாலேயே அப்படிப்பட்ட பூனை வெளியே போகத் தொடங்கும்.

எந்த மாதிரி இடம்? மெத்தை, மிதியடி, அழுக்குத் துணிக் கூடை என்று மென்மையான இடங்களையே தேடினால், பாதத்துக்கு லிட்டர் பிடிக்காமல் போயிருக்கலாம். பாத்ரூம் தரை, வாஷ்பேசின், டைல்ஸ் என்று வழவழப்பான, குளிர்ந்த இடமாகத் தேடினால் வலியை நினையுங்கள், சிறுநீர்ப்பை எரிச்சல் உள்ள பூனைகள் அங்கே போவது வழக்கம். டைல்ஸில் இன்னொரு வசதியும் உண்டு: இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்திருந்தால் கண்ணில் பட்டுவிடும். பாக்ஸுக்கு வெளியே ஒட்டியபடியே போயிருந்தால் பூனை அங்கே வரத்தான் முயன்றிருக்கிறது, உள்ளே ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது.

சிறுநீரா, மலமா, இரண்டுமா? சிறுநீர் பாக்ஸில், மலம் மட்டும் வெளியே என்றால் மலச்சிக்கலையும் மூட்டுவலியையும் முதலில் பாருங்கள். வயதான பூனைக்கு உயரமான விளிம்பைத் தாண்டுவதும், மணலில் நிலையாக நிற்பதும் சிரமம். சில பூனைகளுக்கு இரண்டுக்கும் தனித்தனி பாக்ஸ் வேண்டும், அது வீம்பு அல்ல.

“பொறாமையில் செய்கிறது”, “பழி வாங்குகிறது” என்பவற்றை நோட்டில் எழுத வேண்டாம். மெத்தையில் நம் வாடை அதிகம், மென்மையாகவும் உயரமாகவும் இருக்கிறது. பதற்றத்தில் உள்ள பூனை அங்கே போவதற்கு இவையே போதும்.

## 4. எந்தப் பூனை?

ஒரே பூனை இருந்தால் இதைத் தாண்டிப் போங்கள். இரண்டு, மூன்று இருந்தால் கண்ணால் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் “இவன்தான் வம்புக்காரன்” என்று பெயர் வாங்கிய பூனை மேல்தான் பழி விழும், பல நேரம் தவறாக.

எளிய வழி, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பாக்ஸ் என்று இரண்டு மூன்று நாள் பிரித்து வைப்பது. ஒன்றைக் கவனிக்கவும்: பிரித்ததும் பிரச்சினை அடியோடு நின்றுவிட்டால் அதுவே ஒரு பதில். பூனைகளுக்குள்தான் தகராறு. மலம் யாருடையது என்று அறிய, குழந்தைகளுக்கான நச்சில்லாத கிரேயானைச் சுரண்டி ஒருவர் சாப்பாட்டில் மட்டும் சிறிது கலந்தால் வண்ணம் மலத்தில் தெரியும்.

## 5. டாக்டரிடம் என்ன கேட்பது

பாக்ஸை மாற்றிப் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் டாக்டர் என்பது பொதுவான நினைப்பு. மாற்றிச் சொல்கிறேன்: முதலில் டாக்டர். வலி இருக்கும்வரை எத்தனை பாக்ஸ் வாங்கினாலும் பூனை அதைப் பாக்ஸின் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும்.

சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். வீட்டிலேயே எடுக்க, கழுவிய வெறும் பாக்ஸிலோ, கழுவிக் காய்ந்த மீன்தொட்டிக் கூழாங்கல்லைச் சிறிது தூவிய பாக்ஸிலோ பூனையைத் தனி அறையில் விடுங்கள். வந்ததும் சிரிஞ்சில் உறிஞ்சி டப்பாவில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைத்து, வைத்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குளிரில் டப்பாவுக்குள்ளேயே படிகங்கள் உருவாகும், அதைப் பூனையின் உடலில் இருந்ததாக எண்ணிச் சாப்பாட்டை மாற்றச் சொல்லிவிடுவார்கள். கிருமி வளர்க்கும் சோதனைக்கு இப்படி வீட்டில் எடுத்த சிறுநீர் சரிவராது, டாக்டர் ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுப்பார்.

பூனைக்கு ஏழெட்டு வயது தாண்டியிருந்தால் ரத்தப் பரிசோதனையும், கல் சந்தேகம் இருந்தால் எக்ஸ்-ரே அல்லது ஸ்கேனும் கேளுங்கள். கிளம்பும் முன் ஸ்கேன் அங்கே இருக்கிறதா என்று போனில் விசாரித்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

இனி வருவதுதான் பலரைக் குழப்புவது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பூனைகளில் இந்த அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் கிருமி காரணமாக இருப்பதில்லை. சிறுநீரில் ரத்தம் இருக்கும், கிருமி இருக்காது, கல்லும் இருக்காது. காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மன அழுத்தம் இதைக் கிளப்பிவிடுகிறது. கிருமித்தொற்று, வயதான பூனைகளிலும், சிறுநீரக நோயோ சர்க்கரையோ உள்ளவற்றிலும்தான் கூடுதல்.

இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும், பிறகு திரும்ப வரும். அதனால் அந்த வாரத்தில் என்ன செய்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆன்டிபயாடிக், புது லிட்டர், சுரைக்காய்ச் சாறு, எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு மூன்று முறை திரும்பி வந்த பிறகுதான் சந்தேகம் வரும். “போன தடவை இந்த ஊசியிலதான் கேட்டுச்சு” என்று சொல்வதற்கு முன் நோட்டைத் திறந்து பாருங்கள்.

## 6. கறையைப் போக்குவது

போட்டோ எடுத்து முடித்ததும் இதைச் செய்யுங்கள், ஏனெனில் வாடை இருக்கும் இடத்துக்குப் பூனை திரும்பி வரும். சோப்பு போட்டால் நம் மூக்குக்கு வாடை போய்விடும், பூனைக்குப் போகாது. செல்லப்பிராணிக் கறைக்கான என்சைம் திரவத்தை கறையைவிடச் சற்று அகலமாக ஊற்றி, பாக்கெட்டில் சொன்ன நேரம் ஊறவிட்டு, பிறகு ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். ஊற்றிய உடனே துடைத்தால் என்சைம் வேலை செய்ய நேரமே இல்லை.

ஃபினாயில் வேண்டவே வேண்டாம். பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் அது உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் கூடாது: சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயு வரும். லிட்டர் பாக்ஸைக் கழுவுவதற்கும் இதே விதிதான். வாசமில்லாத பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும்.

## 7. பாக்ஸையும் அதன் இடத்தையும் சோதிப்பது

டாக்டர் பார்த்தாகிவிட்டது என்றால் இப்போது பாக்ஸ். பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் பாக்ஸில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பாக்ஸ்கள் பல இதைவிடச் சின்னவை. துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால் செலவு குறைவு, வயதான பூனைக்கு ஏறவும் எளிது. வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள். பாக்ஸ்கள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். ஆனால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான்.

லிட்டர் பற்றிச் சந்தேகம் இருந்தால் பழையதைத் தூக்காதீர்கள். ஒரே மாதிரி இரண்டு பாக்ஸை அருகருகே வைத்து, ஒன்றில் பழையது, மற்றதில் வாசமில்லாத, பொடியாக உள்ள, கட்டியாகும் வகையைப் போட்டுப் பாருங்கள். பூனை எதில் அதிகம் போகிறது என்று கட்டிகளை எண்ணினால் தெரிந்துவிடும். லாவெண்டர், எலுமிச்சை வாசம் நமக்காகச் சேர்க்கப்படுவது. வெறும் மணல் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: மணல் கட்டியாகாது, சிறுநீர் அடியில் தங்கிவிடும், மேலே அள்ளினால் சுத்தமானது போலத் தோன்றும். அதை ஓரிரு நாளைக்கு ஒருமுறை முழுதாகக் கொட்ட வேண்டும்.

இடத்தைப் பார்க்க, பூனையின் உயரத்துக்குக் குனிந்து பாக்ஸிலிருந்து வெளியே பாருங்கள். தப்பித்துப் போக எத்தனை வழி இருக்கிறது? மூலையில், வாஷிங் மெஷின் பக்கத்தில், ஒரே வாசல் உள்ள இடத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் பூனையை வெளியே இன்னொன்று உட்கார்ந்து மறிக்கலாம். கடிக்கக்கூட வேண்டாம், வழியில் படுத்துக்கொண்டு முறைத்தாலே போதும். மனிதக் கண்ணுக்கு இது தூங்குவதுபோல் தெரியும். மூடி வைத்த பாக்ஸில் இந்த வம்பு இன்னும் அதிகம்.

## 8. ஒரு வீடு

சென்னையில் தெரிந்த ஒரு குடும்பம், இரண்டு பூனைகள். கருப்பி, ஆறு வயதுப் பெட்டை. மிளகு, இரண்டு வயதுக் கடுவன். இரண்டுக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தது. மெத்தையிலும் பாத்ரூமிலும் போகத் தொடங்கியது யார் என்றால் மிளகுதான் என்று வீட்டில் அத்தனை பேரும் சொன்னார்கள். இதற்கு முன் இரண்டு முறை இப்படி ஆகி, ஆன்டிபயாடிக் ஊசி போட்டுச் சரியானதாம்.

அறை பிரித்ததும், டைல்ஸில் சின்னச் சின்னதாகப் போனது கருப்பி என்று தெரிந்தது. ஒரு சொட்டு இளஞ்சிவப்பாக இருந்தது. பரிசோதனையில் ரத்தம் இருந்தது, கிருமி இல்லை, ஸ்கேனில் கல் இல்லை. டாக்டர் வலிக்கு மருந்து கொடுத்தார், தண்ணீர்ச்சத்து அதிகமுள்ள ஈர உணவுக்கு மாற்றச் சொன்னார்.

அத்தோடு விட்டிருந்தால் நான்காவது முறையும் வந்திருக்கும். பழைய போட்டோக்களின் தேதியை வைத்துப் பார்த்தால் ஒரு முறை தீபாவளி வாரம், ஒரு முறை ஊரிலிருந்து உறவினர்கள் வந்து தங்கிய நேரம். இந்த முறை பெயின்ட் வேலைக்காகப் பாக்ஸைப் பின் பால்கனியிலிருந்து நடை முனைக்கு மாற்றியிருந்தார்கள். நடையின் வாயிலில் மிளகுக்குப் பிடித்த மிதியடி. அது அங்கே படுத்திருக்கும்போதெல்லாம் கருப்பி பாதி வழி வந்து திரும்பியது கேமராவில் தெரிந்தது.

செய்த மாற்றம் சிறியது. கருப்பி தூங்கும் அறையில் இரண்டாவது பாக்ஸ், வேறு வகை லிட்டரோடு. மிதியடி இடம் மாறியது. வலியை அனுபவித்த பழைய பாக்ஸை அது பல நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புதியதில் முதல் நாளே போனது. அடுத்த தீபாவளிக்கு ஜன்னல் மூடிய உள்ளறையில் சாப்பாடு, தண்ணீர், பாக்ஸ் மூன்றையும் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள்.

## 9. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மேலே சொன்ன வீட்டில் இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்ததற்குக் காரணம், கேமராவில் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். உங்களுக்கு இன்னும் ஊகம்தான் என்றால் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் விடுங்கள். அழற்சி ஒரு வாரத்தில் தானாக அடங்கும் என்பதால் அதற்குக் குறைந்து பார்த்தால் எது பலித்தது என்று தெரியாது.

கறை இருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வைப்பது சில பூனைகளிடம் பலிக்கும். ஆனால் பாக்ஸுக்குப் போக இடைஞ்சல் தீராதபோது அது வேறு மூலையைத் தேடிக்கொள்ளும். மூக்கைக் கறையில் தேய்ப்பது, தண்ணீர் தெளிப்பது, அடிப்பது எல்லாம் பூனையை உங்களுக்குத் தெரியாமல் போகவைக்கும், அவ்வளவுதான். அப்புறம் கறையை அலமாரிக்குப் பின்னால் தேட வேண்டியிருக்கும்.

நோட்டில் மாற்றமே தெரியவில்லை என்றால், அல்லது குறைந்து மறுபடி கூடினால், பழைய ரிப்போர்ட்டோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பப் போங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் பூனைகளுக்கும் உண்டு. அவை டாக்டர் எடை பார்த்துக் கொடுப்பவை, நிறுத்துவதும் அவர் சொல்லும் முறையில்தான். இடையில் எப்போதாவது முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் முதல் பகுதிக்குத் திரும்பி, உடனே கிளம்புங்கள்.